ஒலிப்பதிவு இருக்கிறது, குறிப்பு எங்கே?

கொள்முதலுக்குக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துப் பதிலுக்குக் காத்திருந்த நாட்களை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு டிரங்க் கால் வந்தது, எஸ்.டி.டி. வந்தது, கைபேசி வந்தது. இன்று மளிகை வியாபாரத்தில் விலை பேசுவதும் சரக்குச் சொல்வதும் தவணை கேட்பதும் பெரும்பாலும் வாட்ஸ்அப் குரல் செய்தியிலேயே முடிந்துவிடுகின்றன. எழுதச் சோம்பல் படும் நேரத்தில் பொத்தானை அழுத்திப் பேசிவிட்டால் வேலை தீர்ந்தது என்று நினைக்கிறோம். "பேசியதெல்லாம் போனில் பதிவாகி இருக்கிறது, யார் மாற்றிப் பேச முடியும்?" என்ற தைரியமும் நமக்கு வந்துவிட்டது.

இந்தத் தைரியம் பாதிதான் சரி என்பது நமது கருத்து. பதிவு இருக்க வேண்டியதுதான். ஆனால் பேசிய அன்றே அதிலிருந்து ஒரு குறிப்பு எழுதி, அதை எதிர்த்தரப்புக்கும் காட்டி, கோப்பில் சேர்க்காவிட்டால், தகராறு வரும் நாளில் அந்தப் பதிவே நம்மைக் கைவிட்டுவிடக்கூடும். நமக்குத் தெரிந்த ஒரு கடையில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். பெயரும் ஊரும் வேண்டாம்.

18 ஆண்டுகளாக ஒரே மண்டியில் பருப்பு வாங்கி வந்த கடை அது. 2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை இரவு 11.48 மணிக்கு மண்டி மேலாளரிடமிருந்து 47 விநாடிக் குரல் செய்தி ஒன்று வந்தது. நலம் விசாரித்த பிறகு அவர் சொன்னது இவ்வளவுதான்: "துவரை பழைய ரேட்டுக்கு வராது அண்ணாச்சி. பத்து அம்பது போட்டுக்கலாம். இருபது மூட்டை இருக்கு. நாளைக்கு ஏத்திடறேன். லாரி வாடகையைப் பார்த்துக்கலாம். பணம் எப்பவும் போலத்தான்." கடைக்காரர் திங்கள் காலை 7 மணிக்குக் கடை திறந்ததும் இதைக் கேட்டார். "சரி தம்பி, அனுப்பிவிடுங்க" என்று தாமும் குரலிலேயே பதில் சொன்னார்.

செவ்வாய் அதிகாலை லாரி வந்து நின்றபோது இறக்க ஆள் இல்லை. "நாளைக்கு" என்றதைக் கடைக்காரர் தாம் கேட்ட திங்களிலிருந்து எண்ணிச் செவ்வாய் ஏற்றுவார்கள், புதன் வரும் என்று இருந்துவிட்டார். மண்டியோ செய்தி அனுப்பிய ஞாயிறிலிருந்து எண்ணித் திங்களே ஏற்றிவிட்டது. லாரி டு-பே முறையில் வந்திருந்ததால் ரூ.1,400 வாடகையை வேறு கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த அவசரத்தில் பட்டியலை யாரும் நின்று பார்க்கவில்லை, அது கம்பியில் குத்தப்பட்டது.

ஒரு மாதம் கழித்துப் பணம் அனுப்ப உட்கார்ந்தபோதுதான் பட்டியலில் குவிண்டாலுக்கு ரூ.10,500 போட்டிருப்பதைக் கடைக்காரர் பார்த்தார். அவர் மனதில் இருந்த விலை ரூ.10,050. 50 கிலோ மூட்டை 20 என்றால் 10 குவிண்டால். அவர் கணக்கில் ரூ.1,00,500, மண்டிக் கணக்கில் ரூ.1,05,000. வித்தியாசம் ரூ.4,500. வாடகையையும் மண்டிதான் ஏற்றிருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

விஷயம் பெரியவர்கள் முன் வந்தது. கடைக்காரர் கையில் ஒரு தாளும் இருந்தது. "மேலாளர் குவிண்டாலுக்கு 10,050 விலைக்கு ஒப்புக்கொண்டு, வாடகையும் தாமே ஏற்பதாகக் கூறினார்" என்று அதில் எழுதியிருந்தது. கைபேசியை மேசைமேல் வைத்து மூன்று முறை போட்டுக் கேட்டார்கள். "பத்து அம்பது" என்பது எல்லோர் காதிலும் தெளிவாக விழுந்தது. பத்தாயிரத்து ஐம்பது என்று சிலர் சொன்னார்கள். பத்து புள்ளி ஐம்பது, அதாவது பத்தரை ஆயிரம், எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம் என்று சிலர் சொன்னார்கள். "வாடகையைப் பார்த்துக்கலாம்" என்பதில் யார் ஏற்பது என்றே இல்லை. கடைசியில் தாளைக் கையில் எடுத்த ஒரு பெரியவர் இது எப்போது எழுதியது என்று கேட்டார். நேற்று இரவு என்று கடைக்காரர் உண்மையைச் சொன்னார். பதிவில் இல்லாத "ஒப்புக்கொண்டு", "தாமே ஏற்பதாக" என்ற சொற்களைப் பார்த்தபின் அவர் பேச்சில் இருந்த நம்பிக்கையும் அங்கே குறைந்துபோயிற்று.

வித்தியாசத்தில் ஆளுக்குப் பாதி, வாடகை கடைக்காரருடையது என்று முடிவாயிற்று. ரூ.2,250 யாரையும் அழிக்கவில்லை. ஆனால் 18 ஆண்டுக் கொடுக்கல் வாங்கல் அன்றோடு நின்றுவிட்டது. இருவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதே இதில் நம்மை உறுத்துவது.

பதிவில் ஒரு குறையும் இல்லை. பேசியது பேசியபடி இருந்தது. பேசியதன் பொருளை அன்றே யாரும் நிறுத்திப் பார்க்கவில்லை, அதுதான் குறை. குறிப்பு எழுதுவதன் முதல் பயன் நாளைய வழக்குக்கு அல்ல. எழுத உட்காரும்போதுதான் எது முடிவாயிற்று, எது முடிவாகவில்லை என்பது நமக்கே தெரிகிறது. அப்போது எதிர்த்தரப்பைக் கேட்க நேரமும் இருக்கிறது.

அப்படியானால் குறிப்பை எப்படி எழுதுவது?

முதலில் பதிவைப் பத்திரப்படுத்த வேண்டும். வாட்ஸ்அப்பில் சிலர் செய்திகள் தாமாகவே மறையும்படி வைத்திருப்பார்கள். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று அதில் மூன்று கெடு உண்டு. அந்தப் பார்ட்டியின் பக்கத்தில் அது போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். செய்தியைக் கணினியிலோ பென்டிரைவிலோ ஒரு நகல் எடுத்து வையுங்கள். வெட்டுவதோ, இரைச்சலைக் குறைக்கிறோம் என்று திருத்துவதோ கூடாது. மகனுடைய போனுக்கு அனுப்பிவிட்டு நம் போனில் உள்ளதை அழித்துவிடுவதும் கூடாது. அனுப்பப்பட்ட நகலில் அனுப்பிய நாள்தான் தெரியும், முதலில் வந்த நாளும் நேரமும் தெரியாது.

அடுத்தது கேட்பது. மூன்று முறை கேட்க வேண்டும் என்பது நமது அனுபவம். முதல் முறை கையில் பேனா இல்லாமல் முழுவதையும் கேளுங்கள். இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்தி எழுதுங்கள். மூன்றாம் முறை எழுதியதைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். எண்கள் வரும் இடத்தை மட்டும் கடையில் வேறொருவரைக் கேட்கச் சொல்லுங்கள். நாம் எழுதியதை அவருக்கு முன்கூட்டிக் காட்டிவிடாதீர்கள். காட்டினால் அவர் காதிலும் அதுவே விழும். மண்டி இரைச்சலில் எழுபதும் எண்பதும் ஒன்றுபோல் கேட்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். இருவர் காதிலும் வேறு வேறாக விழுந்தால், "சரியாகக் கேட்கவில்லை" என்றே எழுத வேண்டும். நமக்குச் சாதகமானதைத் தேர்ந்தெடுத்து எழுதக் கூடாது.

இனி எழுதுவது. சொல்லுக்குச் சொல் முழுவதையும் எழுதத் தேவையில்லை. நலம் விசாரிப்பும் மழைச் செய்தியும் கோப்புக்கு வேண்டாம். சரக்கு, அளவு, விலை, நாள், வாடகை, பணம் ஆகியவற்றைப் பற்றிப் பேசிய இடங்களில் மட்டும், அவர் வாயில் வந்த சொல்லை அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுதி, பதிவில் அது எத்தனையாவது விநாடியில் வருகிறது என்பதையும் பக்கத்தில் போட வேண்டும். அதன்பின், தனி வாக்கியமாக, நாம் அதை என்ன என்று புரிந்துகொண்டோம் என்பதை எழுத வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடாமல் இருப்பதுதான் இந்த வேலையின் உயிர். மேலே சொன்ன கடைக்காரரின் தாள் கெட்டது இந்த இடத்தில்தான். தாம் புரிந்துகொண்டதை அவர் மேலாளரின் வாயில் வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் செய்திக்குத் திங்கள் காலையே குறிப்பு எழுதியிருந்தால் அது இப்படி இருந்திருக்கும்:

உரையாடல் குறிப்பு எண் 14
பார்ட்டி: (மண்டியின் பெயர்). பேசியவர்: மேலாளர். வழக்கமாகப் பேசும் எண்ணிலிருந்து வந்தது; குரல் நமக்குப் பழக்கமானது.
வந்த விதம்: வாட்ஸ்அப் குரல் செய்தி, 47 விநாடி. வந்தது 15.6.2025 ஞாயிறு இரவு 11.48. கேட்டது 16.6.2025 திங்கள் காலை 7.00.
பதிவு உள்ள இடம்: கடைக் கைபேசி. நகல் கணினியில், PTT-20250615-WA0003.opus என்ற பெயரில்.
1. சரக்கு: துவரம்பருப்பு. "இருபது மூட்டை இருக்கு" (19ஆம் விநாடி). மூட்டையின் எடை சொல்லப்படவில்லை. 50 கிலோ என்று கொள்கிறோம். மொத்தம் 10 குவிண்டால்.
2. விலை: "பத்து அம்பது போட்டுக்கலாம்" (12ஆம் விநாடி). குவிண்டாலுக்கு ரூ.10,050 என்று புரிந்துகொள்கிறோம். உறுதி செய்ய வேண்டும்.
3. ஏற்றும் நாள்: "நாளைக்கு ஏத்திடறேன்" (26ஆம் விநாடி). செய்தி ஞாயிறு இரவு வந்ததால் 16.6.2025 திங்கள் என்று கொள்கிறோம்.
4. வாடகை: "லாரி வாடகையைப் பார்த்துக்கலாம்" (33ஆம் விநாடி). யாருடையது என்பது முடிவாகவில்லை.
5. பணம்: "எப்பவும் போலத்தான்" (40ஆம் விநாடி). முந்தைய பட்டியல்களின்படி 30 நாள் தவணை என்று கொள்கிறோம்.
6. நமது பதில்: 7.05க்குக் குரல் செய்தி. "சரி தம்பி, அனுப்பிவிடுங்க."
எழுதியது 16.6.2025 காலை 7.20. எழுதியவர் கையொப்பம்.

ஒரு பக்கம்கூட ஆகாது. இதில் "கொள்கிறோம்", "முடிவாகவில்லை" என்ற சொற்கள் எத்தனை இடத்தில் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து விஷயத்தில் ஒன்றுகூட முழுமையாகப் பேசி முடியவில்லை என்பது எழுதிய பிறகே தெரிகிறது. மூட்டை என்ற ஒரு சொல்லே போதுமான சங்கடம் தரும். 25 கிலோ வரையிலான பெயரிட்ட பைகளுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்த பிறகு 26 கிலோ அரிசிப் பைகளும் கடைக்கு வந்துவிட்டன. இருபது மூட்டை என்றால் எத்தனை கிலோ என்று இப்போது யாரும் தானாகச் சொல்லிவிட முடியாது.

சொற்களைப் பற்றி இன்னும் ஒன்று. தொலைபேசியில் நாம் சொல்லும் "சரி", "ம்", "ஆகட்டும்" எல்லாம் பெரும்பாலும் "காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள்" என்ற பொருளில்தான் வருகின்றன. "பார்க்கலாம்", "செஞ்சிடலாம்" என்பவை மறுக்கக் கூச்சப்பட்டுச் சொல்வதாகவும் இருக்கும். இவற்றையெல்லாம் "ஒப்புக்கொண்டார்" என்று எழுதினால் அது குறிப்பு அல்ல, நமது ஆசை. எந்தக் கேள்விக்குப் பதிலாக அந்த "சரி" வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அழைப்பின் பதிவாக இருந்தால், இருவர் பேச்சும் கலந்திருக்கும். ஒவ்வொரு வரிக்கும் பேசியவர் யார் என்று போடுவதும் அவசியம். அதேபோல் "அடுத்த வாரம்", "ஆடி கழிச்சு", "பத்தாம் தேதி" என்று வருவதை அப்படியே மேற்கோளில் எழுதிவிட்டு, பக்கத்தில் ஆங்கிலத் தேதியைப் போட வேண்டும். பேசிய நாளிலிருந்து எண்ண வேண்டுமே தவிர, கேட்ட நாளிலிருந்து அல்ல.

குறிப்பு எழுதியதோடு வேலை பாதிதான் முடிந்தது. அது நம் கையெழுத்து, நம் தாள், நம் கோப்பு. எதிர்த்தரப்பு அதைப் பார்க்காதவரை அது ஒருதலைப் பேச்சுதான். ஆகவே அதே காலையில், எழுத்தில், குரலில் அல்ல, ஒரு செய்தி அனுப்ப வேண்டும். "நேற்று இரவு தாங்கள் சொன்னபடி: துவரம்பருப்பு 50 கிலோ மூட்டை 20. குவிண்டால் ரூ.10,050 (பத்தாயிரத்து ஐம்பது). இன்று திங்கள் ஏற்றுவது. தவணை 30 நாள். லாரி வாடகை யாருடையது எனத் தெரிவிக்கவும். சரியா என்று எழுத்தில் பதில் தந்தபின் ஏற்றவும்." எண்ணிலும் எழுத்திலும் விலையைப் போட்டிருப்பதைக் கவனியுங்கள். இது போயிருந்தால் மேலாளர் ஒரு நிமிடத்தில், "இல்லை அண்ணாச்சி, பத்தாயிரத்து ஐந்நூறு" என்று பதறிப் பதில் போட்டிருப்பார். வாங்குவதா, வேறு மண்டியைப் பார்ப்பதா என்று கடைக்காரரும் சரக்கு ஏறுவதற்கு முன்பே முடிவு செய்திருப்பார்.

"மதியத்துக்குள் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்" என்று சிலர் எழுதுகிறார்கள். இது உதவாது. எதிர்த்தரப்பு பேசாமல் இருந்ததைச் சம்மதமாகக் கொள்வதற்குச் சட்டம் எளிதில் இடம் தருவதில்லை. பதில் வரவில்லையென்றால் போன் போட்டுக் கேட்டு, அவரை எழுத வைப்பதே வழி. வந்த பதிலைக் குறிப்பின் அடியில் நாள், நேரத்துடன் சேர்த்து, பட்டியல் வந்ததும் இரண்டையும் ஒப்பிட்டு, ஒன்றாகக் குத்தி, அந்தப் பார்ட்டியின் கோப்பில் வைக்க வேண்டும். பின்னால் பிழை தெரிந்தால் அழிக்கக் கூடாது. ஒரே கோட்டால் அடித்து, மேலே திருத்தி, அன்றைய தேதியிட்டுச் சுருக்கொப்பம் போட வேண்டும். பேரேட்டில் நாம் செய்வது போலத்தான்.

நீதிமன்றம் வரை போனால் இதற்கு என்ன மதிப்பு என்று உறுப்பினர்கள் கேட்பார்கள். குறிப்பு பதிவுக்கு ஈடாகாது. குரல் பதிவை ஆதாரமாக வைக்க வேண்டுமானால் பதிவையே வைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் நடப்புக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம், 63ஆம் பிரிவில், மின்னணுப் பதிவின் நகலோடு ஒரு சான்றிதழும் தரச் சொல்கிறது. அதன் ஒரு பகுதியைப் பதிவை வைத்திருப்பவரும், மற்றொரு பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணையும் அதில் குறிக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். பதிவை வெட்டாதீர்கள், முதலில் வந்த போனில் உள்ளதை அழித்துவிடாதீர்கள் என்று மேலே சொன்னது இதனால்தான். குறிப்புக்கு வேறு விதமான பயன் உண்டு. காரியம் நடந்த சமயத்திலோ, நினைவு மங்குவதற்கு முன்போ தாமே எழுதியதைப் பார்த்து நினைவுபடுத்திக்கொண்டு சாட்சி சொல்ல ஒருவருக்குச் சட்டம் இடம் தருகிறது. அன்று காலை 7.20க்கு எழுதியதற்கு அந்த இடம் உண்டு. பஞ்சாயத்துக்கு முந்திய இரவு எழுதியதற்கு இல்லை.

இன்னொரு எச்சரிக்கை, இது பாக்கி வசூலில் பலரையும் ஏமாற்றுவது. "தர வேண்டியதை ஆடி கழிச்சுக் குடுத்துடறேன்" என்று வாடிக்கையாளர் பேசிய பதிவு கையில் இருக்கிறது, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடுகிறோம். கடனுக்கு விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்குப் போடக் காலவரம்பு மூன்று ஆண்டு. தவணை பேசியிருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்தும், பேசாவிட்டால் சரக்குக் கொடுத்த நாளிலிருந்தும் அது ஓடுகிறது. கடனாளி பாக்கியை ஒப்புக்கொண்டால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அந்த ஒப்புதல் எழுத்தில், கையொப்பத்துடன், பழைய கெடு முடிவதற்குள் இருக்க வேண்டும் என்கிறது. வாயால் சொன்னது எவ்வளவு தெளிவாகப் பதிவாகி இருந்தாலும் அந்தப் பயனைத் தராது. நாம் எழுதிய குறிப்பும் தராது, ஏனெனில் அதில் இருப்பது நம் கையொப்பம். இப்படிப்பட்ட பேச்சுக்குக் குறிப்பு எழுதும்போது கடைசி வரியாக, "பாக்கி ஒப்புதல் கடிதத்தில் கையொப்பம் வாங்க வேண்டும், யார், எந்த நாளில்" என்று எழுதி, அதை முடித்துவிட வேண்டும்.

பதிவு செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழைப்பைப் பதிவு செய்வதானால் அதை எதிர்த்தரப்பிடம் சொல்லிவிடுங்கள். மறைத்துப் பதிவு செய்தவர் என்று பெயர் எடுத்த கடைக்காரரிடம் யாரும் மனம் விட்டு விலை பேச மாட்டார்கள். பிறர் இருவர் பேசுவதை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்வது குற்றமே ஆகும்.

இவ்வளவும் செய்ய நமக்கு நேரம் ஏது என்று கேட்கலாம். காலை நேரக் கூட்டத்தில் ஒவ்வொரு செய்திக்கும் இது ஆகிற காரியமல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். பத்துக் கிலோ கடுகுக்கு எழுத வேண்டியதில்லை. விலை மாறும்போது, பெரிய கொள்முதலின்போது, தவணை கேட்கும்போது, பாக்கியைப் பற்றிப் பேசும்போது, சரக்குக் குறை சொல்லும்போது எழுதினால் போதும். வாரத்துக்கு நான்கைந்து குறிப்பு வரும். ஒவ்வொன்றும் கால் மணி நேரம்.

நமக்குள் எழுத்தா, வாக்கு போதாதா என்று சொல்லும் மூத்தவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர்கள் காலத்தில் வாக்கு நேருக்கு நேர் கொடுக்கப்பட்டது. "பத்து அம்பதா, பத்து ஐந்நூறா?" என்று முகத்தைப் பார்த்து அங்கேயே கேட்டுவிடுவார்கள். கைபேசி அந்த ஒரு கேள்வியை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டது. குறிப்பு எழுதி அனுப்புவது அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்பதுதான். கொடுத்த வாக்கை இது சந்தேகிப்பதாகாது. அடுத்த முறை விலை மாற்றத்தோடு ஒரு குரல் செய்தி வரும்போது, "சரி" சொல்வதற்கு முன் ஒரு தாளை எடுக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.